காப்புரிமை கையில் இருந்தும் இயந்திரம் கைவிட்டுப் போனது எப்படி?

கிருஷ்ணகிரி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர், கொட்டைப்புளியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். சான்றிதழ் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அடுத்த புளிப் பருவத்திலேயே வேறொரு பட்டறை அதே தந்திரத்தோடு இயந்திரம் செய்து விற்றது. வழக்கறிஞரிடம் போனோம். அவர் முதல் உரிமைகோரலைப் படித்துவிட்டு, "இதில் அவர் எதையும் மீறவில்லை" என்று சொல்லிவிட்டார். இன்னொருவருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 10ஆம் பிரிவின்படி, கண்டுபிடிப்பை விளக்கித் தாக்கல் செய்யும் முழு விவரக்குறிப்பு உரிமைகோரல்களோடு முடிய வேண்டும். அவையே உங்கள் உரிமையின் எல்லை. விளக்கப் பகுதியில் 20 பக்கம் எழுதியிருந்தாலும், கோராதது உங்களுடையது ஆகாது. தனித்து நிற்பது சார்பற்ற உரிமைகோரல். "உரிமைகோரல் 1இல் கூறியபடியான இயந்திரம், அதில்..." என்று தொடங்குவது சார்பு உரிமைகோரல். அது முதலாவதில் உள்ள எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, மேலும் ஒன்றைச் சேர்க்கிறது.

நண்பரின் இயந்திரத்தில் உண்மையான புதுமை இரண்டு இடத்தில் இருந்தது. எதிரெதிரே உள்ள இரண்டு உருளைகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால் புளிச் சதை கிழிந்து கொட்டை வெளியே வருகிறது. ஓர் உருளை ஸ்பிரிங் மேல் அமர்ந்திருப்பதால், கொட்டை வரும்போது விலகிக் கொடுத்து, போனதும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. கொட்டை உடையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் காப்புரிமை முகவர் எழுதிய முதல் உரிமைகோரலின் சாரம் இது: துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, 6 அங்குல விட்டமுள்ள இரண்டு ரப்பர் உருளைகள், அவற்றில் ஒன்றைத் தாங்கும் ஸ்பிரிங், 1 குதிரைத்திறன் மோட்டார், உருளைகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவைக்கும் வி-பெல்ட், நான்கு சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்ட இயந்திரம். பட்டறையில் நின்ற மாதிரியைப் பார்த்து அப்படியே பட்டியல் போட்டிருக்கிறார். மீறல் என்று சொல்ல வேண்டுமானால், பொதுவாக அந்த உரிமைகோரலில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் எதிரியின் இயந்திரத்தில் இருக்க வேண்டும். எதிரி பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி போட்டார், சக்கரத்தைக் கழற்றினார். அவ்வளவுதான், வெளியே போய்விட்டார்.

அது இப்படி இருந்திருக்க வேண்டும்:

1. புளியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம், அதில் ஒரு சட்டகம், அதில் பொருத்திய முதல் உருளை, அதற்கு எதிரே இடைவெளிவிட்டு அமைந்த இரண்டாம் உருளை, கடந்து செல்லும் கொட்டையின் அழுத்தத்தால் இரண்டாம் உருளை விலகி மீளும்படி அதைத் தாங்கும் மீள்விசை உறுப்பு, இரு உருளைகளின் மேற்பரப்புகளையும் வெவ்வேறு வேகத்தில் இயக்கும் இயக்க அமைப்பு ஆகியவை அடங்கும்.

2. உரிமைகோரல் 1இல் கூறியபடியான இயந்திரம், அதில் மீள்விசை உறுப்பு ஒரு சுருள் ஸ்பிரிங்.

3. உரிமைகோரல் 1 அல்லது 2இல் கூறியபடியான இயந்திரம், அதில் ஓர் உருளையின் மேற்பரப்பேனும் ரப்பரால் ஆனது.

4. உரிமைகோரல் 1இல் கூறியபடியான இயந்திரம், அதில் ஓர் உருளையின் மேற்பரப்பு மற்றதைவிட 1.5 முதல் 3 மடங்கு வேகத்தில் இயங்குகிறது.

பெல்ட்டும் சக்கரமும் முதலாவதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. முதல் உரிமைகோரலின் ஒவ்வொரு சொல்லையும் விரலால் மூடிப் பாருங்கள். அது இல்லாவிட்டாலோ, அதற்குப் பதில் வேறொன்றை வைத்தாலோ தந்திரம் வேலை செய்யுமா? செய்யுமானால் அந்தச் சொல்லைச் சார்பு உரிமைகோரலுக்குத் தள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் பள்ளம் இருக்கிறது. "இரண்டு உருளைகளைக் கொண்ட புளி இயந்திரம்" என்று மட்டும் அகலமாக எழுதினால், பழைய உருளை இயந்திரம் ஒன்றைக் காட்டிக் காப்புரிமை அலுவலகத் தேர்வாளர் தள்ளிவிடுவார். "கொட்டை உடையாமல் பிரிக்கும் இயந்திரம்" என்றால் அது பலனை மட்டும் சொல்கிறது, எப்படி என்று சொல்லவில்லை. ஆகவே எழுதும் முன் அந்த அலுவலகத்தின் InPASS தேடுதளத்தில் பழைய விண்ணப்பங்களைத் தேடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பிறகும் முதலாவது வீழ்ந்தால் பின்வாங்கி நிற்க இடம் தருபவை இரண்டு முதல் நான்கு வரையுள்ளவைதான். சார்பு உரிமைகோரல்கள் இருப்பதே அதற்காக. அவற்றில் முதலாவதன் உறுப்பைக் கழிக்கக் கூடாது. "உரிமைகோரல் 1இன்படி, ஆனால் மீள்விசை உறுப்பு இல்லாமல்" என்பது சார்பு உரிமைகோரலே அல்ல.

இனி அலைச்சல். விவரக்குறிப்பை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர வேண்டும். தமிழில் தந்தால் ஏற்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய தடை என்று எந்த அலுவலகமும் யோசித்ததாகத் தெரியவில்லை. படிக்க முடியாத தாளில் கையெழுத்து போடுகிறோம். எனவே முதல் உரிமைகோரலை ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து, இயந்திரத்தின் அருகில் நின்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதில் "கம்ப்ரைசிங்" என்று இருக்கிறதா, "கன்சிஸ்டிங் ஆஃப்" என்று இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னதன் பொருள் "இவையும் அடங்கும்". எதிரி கூடுதலாக ஏதாவது சேர்த்தாலும் தப்ப முடியாது. பின்னது "இவை மட்டுமே" என்று கதவை மூடிவிடும்.

"உரிமைகோரல் கூடினால் செலவு கூடும்" என்று சொல்லி ஒன்றோடு முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். தனிநபர் இணையவழி தாக்கல் செய்யும் 1,600 ரூபாய்க் கட்டணத்திலேயே 10 உரிமைகோரல்கள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320 ரூபாய்.

பெரிய பொறி இதற்குப் பிறகுதான். தேர்வாளரின் ஆட்சேபணை அறிக்கை முகவரின் மின்னஞ்சலுக்குப் போகிறது. பதில் தர 6 மாதம்; தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உங்களைக் கேட்காமலே முகவர் முதல் உரிமைகோரலில் பெல்ட்டையும் மோட்டாரையும் சேர்த்துக் குறுக்கிவிடலாம். சான்றிதழ் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்து மாதம் ஒருமுறை நிலையை நீங்களே பாருங்கள். நீங்கள் படிக்காத எந்தத் திருத்தமும் போகக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏனென்றால் குறுக்கியதை மறுபடி விரிக்க முடியாது. 59ஆம் பிரிவின்படி, திருத்திய உரிமைகோரல் முன்பிருந்ததன் எல்லைக்குள்ளேயே முழுதும் அடங்க வேண்டும். "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்று சொல்பவருக்கு இந்தப் பிரிவு தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். அதேபோல, விண்ணப்பிக்கும் முன் மாங்கனிக் கண்காட்சியில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிடாதீர்கள். புதுமை அங்கேயே போய்விடும்.

நண்பர் மறுபடி விண்ணப்பிக்கலாமே என்று கேட்டார். ஸ்பிரிங் உருளைக்கு முடியாது. வெளியான அவருடைய முதல் விண்ணப்பமே இப்போது அவருக்கு எதிரான பழைய சான்று. உருளையில் ஒட்டும் சதையை வழித்தெடுக்கும் தகடு ஒன்றைப் புதிதாகச் செய்திருக்கிறார். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. அதற்கான முதல் உரிமைகோரலை இப்போது பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.