போன வருட இபிஎஸ் எப்படிப் பாதியானது?

"போன வருட ஆண்டறிக்கையில் இபிஎஸ் 20 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். இந்த வருட அறிக்கையில் அதே போன வருடத்துக்கு 10 ரூபாய் என்கிறார்கள். ஏமாற்றா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அநேகமாக இல்லை. நடுவில் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கை இலவசமாக, கொடுத்திருக்கும்.

லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இபிஎஸ், பங்கு விலையை இபிஎஸ்ஸால் வகுத்தால் பி.இ. விகிதம். சரி, இது தெரிந்ததுதான். ஆனால் எந்த எண்ணிக்கையால் வகுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கற்பனைக் கம்பெனி. ஏப்ரல் 1 அன்று 1 கோடி பங்குகள், அக்டோபர் 1 அன்று இன்னும் 20 லட்சம் பங்குகளைப் பணத்துக்கு விற்கிறது. மார்ச் கடைசியில் மொத்தம் 1.2 கோடி, ஆனால் புதிதாக வந்த பணம் அரை வருடம்தானே உழைத்தது, அதனால் அந்த 20 லட்சத்தைப் பாதியாக, 10 லட்சமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். 1.1 கோடி பங்கு, லாபம் 11 கோடி என்றால் இபிஎஸ் 10 ரூபாய்.

போனஸில் இந்தக் கதை கிடையாது. கம்பெனிக்கு ஒரு பைசா வரவில்லை, நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து இரண்டு ஐம்பதாக வாங்கிய மாதிரிதான். ஆகவே எந்த மாதம் கொடுத்தாலும் அந்தப் பங்குகள் ஆரம்பத்திலிருந்தே இருந்ததாக வைத்துக்கொண்டு, அறிக்கையில் காட்டும் பழைய வருடங்களையும் திருத்த வேண்டும் என்கிறது இண்ட் ஏஎஸ் 33 என்ற கணக்கியல் தரநிலை. திருத்தாவிட்டால் லாபமே பாதியாக விழுந்த மாதிரி தெரியும்.

நான் ஏமாந்தது இதன் மறுபக்கத்தில். போனஸுக்குப் பிறகு பங்கு விலை பாதியாகிவிட்டது, நான் பார்த்த பட்டியலில் இபிஎஸ் மட்டும் பழையது, பி.இ. பாதியாகத் தெரிய, 'அடடா, மலிவு' என்று வாங்கிவிட்டேன். பி.இ. குறைந்தாலே மலிவு என்பதும் ராசிபலன் பார்த்துப் பங்கு வாங்குவதும் எனக்கு இப்போது ஒன்றுதான்.

விகிதம் குறைய இன்னொரு வழியும் உண்டு. மேலே சொன்ன கம்பெனியின் பங்கு 210 ரூபாய் என்றால் பி.இ. 21. ஆனால் அந்த 11 கோடியில், வரி போக 3.3 கோடி நிலம் விற்றதில் வந்தது என்று வையுங்கள். வருடா வருடம் நிலம் விற்க முடியாது, அதனால் அதைக் கழித்தால் இபிஎஸ் 7 ரூபாய், பி.இ. 30. லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபத்துக்குச் சற்று மேலே 'விதிவிலக்கான இனங்கள்' என்று ஒரு வரி இருக்கும், முதலில் அங்கே பாருங்கள். சிலர் இதை 'இதர வருமானம்' என்ற தலைப்பிலேயே போட்டுவிடுவார்கள், அப்போது பின்னால் இருக்கும் குறிப்புகளைப் புரட்டித்தான் தேட வேண்டும்.