முன்பணம் வாங்கிய அன்றே வரி இன்வாய்ஸ் எழுதாதீர்கள்

சரக்கு அனுப்பும் முன்பே முழுத் தொகைக்கும் வரி இன்வாய்ஸ் எழுதிவிட்டு, ஏப்ரலில் ஜிஎஸ்டி கட்டப் பணமில்லை என்று வந்து நிற்பவர்களை வேலூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியாவது வைக்கிறேன்.

காட்பாடியில் இரும்பு ரேக் செய்யும் ஒருவர், இராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையிடமிருந்து வரி நீங்கலாக ₹10 லட்சத்துக்கு ஆர்டர் பிடித்து, மார்ச்சில் ₹3 லட்சம் முன்பணம் வாங்கினார். ஆண்டு முடிவதற்குள் பில் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், மார்ச் 28 அன்று முழுத் தொகைக்கும் இன்வாய்ஸ் கொடுத்துவிட்டார். ரேக் போய்ச் சேர்ந்தது மே மாதத்தில். ஆனால் 18 சதவீத வரியான ₹1,80,000 ஏப்ரல் 20-க்குள் கட்ட வேண்டியதாகிவிட்டது. முன்பணமோ அதற்குள் தகடு வாங்கவே கரைந்திருந்தது. ரேக் வாங்கியவருக்கும் லாபமில்லை, ஏனெனில் சரக்கு கைக்கு வராமல் அவர் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது.

“பணம் வந்துவிட்டது, அதனால் எப்படியும் வரி உண்டுதானே?” என்று ரேக்காரர் கேட்டார். எனக்கு எரிச்சலூட்டுவது இந்த நம்பிக்கைதான். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 12-ஆம் பிரிவை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அதுவே வழங்கல் நேரம், அதாவது வரிப் பொறுப்பு பிறக்கும் நேரம் என்கிறது அது. ஆனால் 2017 நவம்பர் 15 அன்று வெளியான 66/2017 அறிவிக்கை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத எல்லாப் பதிவுதாரர்களுக்கும், சரக்குக்கு வாங்கும் முன்பணத்தின் மீது அப்போதே வரி கட்டும் பொறுப்பை நீக்கிவிட்டது. அதன் பிறகு சரக்கைப் பொறுத்தவரை கணக்கில் நிற்பது இன்வாய்ஸ் தேதி, அல்லது அதை எழுதியே ஆக வேண்டிய கடைசி நாள் மட்டுமே. அவருக்கு மார்ச்சில் வரி வந்தது முன்பணத்தால் அன்று, அவரே எழுதிய இன்வாய்ஸால். முன்பணத்துக்கு ரசீது வவுச்சர் போதும். வாங்குபவர் ஏதாவது தாள் கேட்டால் புரோஃபார்மா கொடுங்கள்.

இதை வைத்து மறுகோடிக்கும் ஓடாதீர்கள். மீதிப் பணம் வரட்டும் என்று டெலிவரி சலானில் சரக்கை அனுப்பிவிட்டு இன்வாய்ஸைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. விற்ற சரக்கு பட்டறையை விட்டுக் கிளம்பும் நேரமே இன்வாய்ஸுக்குக் கடைசி நேரம். பணம் வராவிட்டாலும் அந்த மாதமே வரி, தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இந்தச் சலுகை சேவைக்குக் கிடையாது. அதே ரேக்காரர் ஓர் அலுவலகத்தில் சுவரோடு பொருத்தும் தடுப்பு வேலைக்கு ₹1,18,000 முன்பணம் வாங்கியிருந்தார். அது கட்டடத்தோடு சேரும் ஒப்பந்த வேலை, சட்டப்படி சேவை. அதில் அடங்கிய ₹18,000 வரி, பணம் வந்த மாதத்துக்கே உரியது. இரண்டு முன்பணமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுவதால் கணக்காளருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே ரசீது எழுதும்போதே, எந்த ஆர்டருக்கான பணம், சரக்கா வேலையா என்று ஒரு வரி தயவுசெய்து எழுதிவிடுங்கள்.