பச்சையும் சிவப்பும் ஜெராக்ஸில் ஒன்றுதான்

சில வருடங்களுக்கு முன்னால் பாம்புக்கடி முதலுதவி பற்றி ஒரு ஏ3 போஸ்டர் வடிவமைத்துக் கொடுத்தேன். இடப்பக்கம் பச்சைப் பட்டையில் செய்ய வேண்டியவை: கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்தல், மோதிரம், கொலுசைக் கழற்றுதல், உடனே மருத்துவமனைக்குப் போதல். வலப்பக்கம் சிவப்புப் பட்டையில் கூடாதவை: கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், பிளேடால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல். எல்லா எழுத்தும் வெள்ளை. மேலே சின்னதாக "பச்சை: செய்யுங்கள், சிவப்பு: செய்யாதீர்கள்" என்று ஒரு வரி.

ஊர் ஊராக ஒட்ட வண்ணப் பிரதிகள் போதவில்லை. யாரோ ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒன்றின் முன்னால் நின்றிருந்த பெரியவர் என்னிடம், "இதுல எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது தம்பி?" என்று கேட்டார். இரண்டு பட்டையும் ஒரே சாம்பல். "இறுக்கிக் கட்டுதல்" என்பது முதலுதவிக் குறிப்பு போலவே நின்றது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது அதன் பெயர் போய்விடும், வெளிர்ப்பு மட்டும் மிஞ்சும். அந்த வெளிர்ப்பைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

R, G, B என்பவை அந்த நிறத்தில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகள், Y தான் வெளிர்ப்பு. Y 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. என் சிவப்பு (255, 0, 0), அதன் மதிப்பு 76. என் பச்சை (0, 128, 0), அதன் மதிப்பு 75. கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்த இரண்டு நிறங்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 1 தான். தலைப்பிலும் அதே கோளாறு. ஆரஞ்சு (255, 140, 0) பின்னணி 158, அதன் மேல் மஞ்சள் (255, 204, 0) எழுத்து 196. திரையில் பளிச்சென்று இருந்தது ஜெராக்ஸில் மங்கிப் போய்விட்டது.

இப்போது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 125 வித்தியாசம் வைக்கிறேன். இணையப் பக்கங்களுக்காக ஒரு காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட அளவு அது. காகிதத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது. அந்தப் போஸ்டரைத் திருத்தியபோது, செய்ய வேண்டியவற்றுக்கு மிக வெளிர்ந்த பச்சையில் (220, 240, 220) கறுப்பு எழுத்து வைத்தேன். கூடாதவற்றுக்கு அடர்சிவப்பில் (139, 0, 0) வெள்ளை எழுத்து. ஒரு பின்னணி 232, மற்றது 42. வண்ணத்தில் பச்சையும் சிவப்புமாகவே தெரியும், ஜெராக்ஸில் வெள்ளைக் கட்டமும் கறுப்புக் கட்டமுமாகத் தெரியும். தலைப்பில் ஆரஞ்சை எடுத்துவிட்டு மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து. அப்புறம் வாசகத்தையே மாற்றினேன்: "இறுக்கிக் கட்டாதீர்கள்", "கீறாதீர்கள்". ஒவ்வொன்றின் முன்னாலும் பெரிய பெருக்கல் குறி. நிறம் முழுவதும் போனாலும் பொருள் போகக் கூடாது என்பதில் எனக்கு இனிமேல் சமரசம் கிடையாது.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சாம்பல் நிறத்தை ஜெராக்ஸ் மெஷின் சாம்பலாக அச்சிடுவதில்லை, கறுப்புப் புள்ளிகளைத் தூவித்தான் காட்டுகிறது. அந்தப் புள்ளிகளுக்குள் மெய்யெழுத்தின் புள்ளி கலந்துவிடும். அடர் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் டோனர் பரவி அந்தப் புள்ளியை அடைத்துவிடும், 'ல்' 'ல' ஆகிவிடும். அதனால் நடுத்தரச் சாம்பலாக மாறும் பின்னணியில் எழுத்தே வைப்பதில்லை. வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்துருவில், ஏ3 தாளில் 24 பாயின்ட்டுக்குக் குறையாமல் வைக்கிறேன்.

சோதிக்கும்போது ஒரு இடத்தில் ஏமாந்துவிட வாய்ப்பிருக்கிறது. போட்டோஷாப்பில் Desaturate கொடுத்துப் பார்த்தால் சுத்தச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஒரே சாம்பலாகத் தெரியும். கண் உணரும் வெளிர்ப்பை அது கணக்கில் எடுப்பதில்லை. `Image > Mode > Grayscale` கொடுத்தால் மஞ்சள் வெளிறியும் நீலம் இருண்டும் சரியாகக் காட்டும். ஆனால் மெஷினுக்கு மெஷின் வேறுபடும். பச்சை ஒளியில் ஸ்கேன் செய்யும் மெஷினில் சிவப்பு இன்னும் கறுக்கும், பச்சை வெளிறும். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் கடைக்கே போய்விடுவேன். வண்ணப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, மூன்றாவது பிரதியைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று வாசிப்பேன். ஊரில் ஒட்டப்படுவது பெரும்பாலும் பிரதியின் பிரதிதான்.

திருத்திய போஸ்டரின் மூன்றாவது பிரதியில் வெளிர்பச்சை முழு வெள்ளையாகிவிட்டது. எழுத்து கறுப்பு என்பதால் அது தொந்தரவு இல்லை. ஆனால் புல்லின் மேல் கிடந்த பழுப்புப் பாம்பின் போட்டோ ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு, வெள்ளைப் பின்னணியில் தடித்த கோட்டில் ஒரு பாம்பை வரைந்து வைத்தேன்.