டெஸ்டரின் ஒரு நாள் வீடியோவா? காபியை வெட்டுங்கள், 5:29-ஐக் காட்டுங்கள்

நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண்ணிடம், "ஒரு பக் கண்ணில் பட்டதும் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "டெவலப்பருக்கு ரிப்போர்ட் பண்ணிடுவேன் மேடம்" என்றார். அதற்கு முன்னால்? பதில் இல்லை. யூடியூபில் 'டெஸ்டரின் ஒரு நாள்' வீடியோக்களைப் பார்த்துத்தான் இந்த வேலையில் ஆசை வந்ததாம். இதையே சொன்னவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வீடியோ எடுக்கிறவர்களே, உங்களோடுதான் எனக்குப் பேச்சு.

அலாரம், கம்பெனி கேப், ஐடி கார்டு, காபி மெஷின், கேன்டீன் தோசை. நடுவில் ஓரிரு நொடி லேப்டாப். திரையில் சிவப்பாக ஒரு எரர், உடனே "பக் கிடைச்சாச்சு!" என்று துள்ளல் இசை. எனக்கு எரிச்சல் அந்த இடத்தில்தான். எரர் கண்ணில் படுவது கண்டுபிடிப்பு அல்ல. ஆப்பைப் பயன்படுத்துகிற யாருக்கும் அது தெரியும். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, எந்த இடத்தில் மாறுகிறது என்று சுருக்கிக்கொண்டே போவதற்குத்தான் நமக்குச் சம்பளம். உங்கள் வீடியோவில் வெட்டி எறியப்படுவதும் அதுவேதான்.

ஓர் உதாரணம். ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றில் 15-ஆம் தேதி நள்ளிரவு 12:10-க்குப் போட்ட ஆர்டர், பட்டியலில் 14-ஆம் தேதி என்று வருகிறது. "தேதி தப்பு" என்று எழுதி அனுப்பினால், டெவலப்பர் பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு "என் மெஷினில் சரியாத்தான் வருது" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

முதல் சந்தேகம், போனின் கடிகாரம். அதைப் பகல் 12-க்கு மாற்றி மறுபடி ஆர்டர் போட்டாலும் 14 என்றே வருகிறது. அப்படியானால் போன் காரணமில்லை, சர்வர் நேரம்தான் கணக்கு. டெஸ்ட் சர்வரின் நேரத்தை மாற்றித் தரச் சொல்லலாம்; ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை. முந்தின இரவு 11:50, சரி. விடிகாலை 3 மணி, தப்பு. 6 மணி, சரி. 5 மணி, தப்பு. 5:29, தப்பு. 5:30, சரி. இந்த எண்ணைப் பார்த்ததும் இந்தியாவில் வேலை செய்கிற டெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிடும். நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தேதியை யாரோ யுடிசியிலிருந்து மாற்றாமல் அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

இப்போது ரிப்போர்ட்டில் "நள்ளிரவு 12 முதல் 5:29 வரை போடும் ஆர்டர்கள் முந்தைய நாளில் விழுகின்றன" என்று எழுதலாம். அப்புறம் 1-ஆம் தேதி விடிகாலை ஆர்டர் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். அது போன மாதக் கணக்கில் போய் உட்கார்ந்தால், சின்ன பக் என்று யாரும் தள்ளிவைக்க முடியாது.

வீடியோவில் ஒன்றரை நிமிடம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஒரு பக்கம் கடிகாரம், பக்கத்தில் ஆர்டர் தேதி, கீழே ஒரு தாளில் நேரங்களை எழுதி அடித்துக்கொண்டே வாருங்கள். போன் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுத் தோற்றதை வெட்டிவிடாதீர்கள். பார்க்கிறவர் கற்றுக்கொள்வது அங்கேதான். திருத்தம் வந்தபின் மறுபரிசோதனைக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். 5:29 சரியாகிவிட்டது என்று நின்றுவிடாமல், மாலை 6:30-க்கும் ஓர் ஆர்டர் போட வேண்டும். அவசரத்தில் ஐந்தரை மணி நேரத்தை இரண்டு முறை கூட்டியிருந்தால், அங்கிருந்து எல்லாமே மறுநாளில் விழும். (விழுவதைப் பார்த்திருக்கிறேன்.)

ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு ஐந்து நொடி தாராளம். பில்டுக்காகக் காத்திருப்பதை மட்டும் காட்டுங்கள், அதுவும் எங்கள் நாளில் ஒரு பகுதி.

இனி திட்டு. அலுவலகத் திரையைப் படம் எடுக்காதீர்கள். இப்போதைய போன் கேமராவில் பின்னால் இருக்கிற மானிட்டரின் எழுத்துகூட, வீடியோவை நிறுத்திப் பார்த்தால் படிக்கும்படி விழுகிறது. டெஸ்ட் சர்வர் முகவரி, டிக்கெட் தலைப்பு, சில இடங்களில் நிஜ வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும்கூட. லேசாக மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு நொடி மங்கல் நகர்ந்தாலே போயிற்று. இன்னும் சரிசெய்யாத பாதுகாப்புக் குறை ஒன்று அந்தத் திரையில் இருந்தால், ஊருக்கே வழி காட்டியதாகிவிடும்.

பயிற்சிக்கென்றே saucedemo.com என்ற தளம் இருக்கிறது. அதில் நுழைவதற்கான பெயர்களும் பாஸ்வேர்டும் முகப்பிலேயே தரப்பட்டிருக்கின்றன. standard_user ஆக நுழைந்தால் கடை ஒழுங்காக இருக்கும். problem_user ஆக நுழைந்தால் பொருள்களின் படங்களே தப்பாக வரும். இரண்டையும் ஒப்பிட்டு எது எங்கே உடைகிறது என்று தேடுவதை வீட்டிலிருந்தே எடுக்கலாம், யார் ரகசியமும் போகாது.

அலுவலகத்துக்குள்தான் எடுப்பேன் என்றால், தயவுசெய்து கேமராவை எடுப்பதற்கு முன்பே மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். எடிட் எல்லாம் முடித்துவிட்டு வந்து கேட்டால், என் டீமில் பதில் 'இல்லை'தான்.