எவர்கிரீன் பதிவு: என்றும் பசுமையா, பசுமைமாறாததா?

'உங்கள் பழைய என்றும் பசுமையான உள்ளடக்கத்தை மறுபகிர்வு செய்யுங்கள்.' எவர்கிரீன் என்பதை இப்படித் தமிழாக்கிய வாக்கியம் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டுவிட்டது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் எவர்கிரீன் என்பது முதலில் மரத்தைக் குறித்த சொல். எந்த நாளில் அச்சிட்டாலும் பொருந்தும் கட்டுரைக்குப் பத்திரிகைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து இணையத்துக்கு வந்தது. வரலாறு இவ்வளவுதான்.

தமிழில் 'பசுமையான' என்றால் அடுத்து மனம் தேடுவது 'நினைவுகள்'. கல்லூரி முடித்தவர்கள் கூடிப் பேசுவது பசுமையான நினைவு. நினைவை யாரும் திருத்துவதில்லை. அது அப்படியே இருப்பதுதான் அதன் அழகு. எவர்கிரீன் பதிவு அப்படியே இருந்தால் கெட்டுப்போகும். 'பசுமைப் பதிவு' என்று சுருக்குகிறவர்களும் உண்டு. அது சூரியமின் தகடு பற்றிய கட்டுரை போல ஒலிக்கிறது.

இத்தனைக்கும் நம் பள்ளிப் புவியியல் பாடத்திலேயே சரியான சொல் இருக்கிறது: பசுமைமாறாக் காடுகள். பசுமைமாறா மரம் இலை உதிர்க்காத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். மாமரத்தடியைக் கூட்டியவரைக் கேளுங்கள், சருகு எவ்வளவு என்று சொல்வார். தேக்கு போல மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதில்லை, அவ்வளவுதான். பழைய இலை விழ விழச் செந்தளிர் வந்துகொண்டே இருக்கும். எவர்கிரீன் பதிவுக்கும் வேண்டியது இதுவே. ஆகவே 'பசுமைமாறாப் பதிவு' என்பேன். 'உள்ளடக்கம்' என்ற சொல்லும் வேண்டாம்; 'பதிவு' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்?

அப்புறம் அந்த 'மறுபகிர்வு'. வலைப்பூக் காலத்திலேயே நம்மிடம் 'மீள்பதிவு' இருந்தது. பழையதை எழுத்து மாறாமல் மறுபடி போட்டால் அது மீள்பதிவு. விவரங்களை மாற்றிப் போட்டால்? புத்தக உலகம் இதை எப்போதோ பிரித்துவிட்டது. மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. அதே வழியில் 'திருத்திய பதிவு' என்றால் தீர்ந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் செய்கிறவர்களும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 'பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி' என்று 2019இல் எழுதி நன்றாக ஓடிய ஒரு பதிவு. அப்போது முன்பதிவு 120 நாளுக்கு முன் திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். ஒரு பயணப் பக்கம் இப்படியொரு பதிவைத் தலைப்பில் ஆண்டை மாற்றி, முதல் பத்தியில் 60 என்று திருத்தி மறுபடி போட்டது. கீழே எடுத்துக்காட்டில் மட்டும் ஜனவரி 13 பயணத்துக்குச் செப்டம்பர் 15 அன்று திறக்கும் என்றே இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அது 120 நாள் கணக்கு. 60 நாள் என்றால் நவம்பர் 14. செப்டம்பரில் காலை 8 மணிக்கு உட்கார்ந்தவர் ஏமாந்து எழுந்திருப்பார், பெரிய நட்டமில்லை. அதே பதிவு தட்கல் பகுதியில், 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்கக் கணக்கில் ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்பதையே சொல்லவில்லை. இது உண்மையான அடி. ஏசி வகுப்புக்குக் காலை 10, மற்றதற்கு 11 என்ற தட்கல் நேரம் மாறவில்லை, அதைத் தொட வேண்டியதில்லை.

எண்ணைத் தேடி மாற்றுவது எளிது. அதிலிருந்து கணக்கிட்ட தேதி, படத்துக்குள் இருக்கும் எழுத்து, 'சமீபத்தில்', 'அடுத்த மாதம் முதல்' போன்ற சொற்கள் தேடலில் சிக்காது. பதிவை வாய்விட்டு ஒரு முறை படித்தால்தான் அகப்படும். 120 நாள் என்று விளக்கம் சொன்ன பழைய பின்னூட்டங்களும் அடியில் கிடக்கும், அங்கேயும் ஒரு வரி போட வேண்டும். பதிவின் பழைய இணைய முகவரியையே வைத்துக்கொள்ளலாம், வந்த இணைப்புகள் வீணாகாது. முகவரிக்குள் 2019 என்று இருந்தால் அது முதலிலேயே செய்த பிழை.

தேதியை மட்டும் மாற்றுவதைத் தேடுபொறியும் விரும்புவதில்லை. கணிசமான மாற்றம் இல்லாமல் புதிதுபோலக் காட்டாதீர்கள் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. பக்கத்தின் நிரலில், வெளியிட்ட முதல் நாளுக்கு `datePublished`, திருத்திய நாளுக்கு `dateModified` என்று இரண்டு இடம் தனித்தனியாக இருக்கின்றன. பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள் இதையும் 'புதுப்பிப்புத் தேதி' என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். லைசென்ஸைப் புதுப்பித்தால் காலம்தான் நீளும், உள்ளே ஒரு வரியும் மாறாது. பதிவின் தலையில் 'எழுதியது', 'திருத்தியது' என்று இரண்டு வரி போடுங்கள். இன்ன வரி மாறியது என்று மூன்றாவதாகவும் ஒன்று போட்டால், 120 நாளை மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய வாசகர் அங்கேயே நின்று கவனிப்பார்.