கடைக்கு ஆப் செய்யப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்ற மாதம் மண்டபத்திலிருந்து ஒரு கருவாட்டுக் கடைக்காரர், ஆப் செய்து தருகிற என்னைத் தேடி ராமநாதபுரம் வந்தார். கையில் இரண்டு போன், ஒரு கணக்கு நோட்டு. "தம்பி, ஒரே கருவாடு, ஒரே எடை. இந்தப் போன்ல கூரியர் அறுபது ரூபாய் காட்டுது, இந்தப் போன்ல ஒண்ணுமே காட்டலை. எது சரி?" என்று கேட்டார். ஒன்று ஆண்ட்ராய்டு, மற்றது ஐபோன். இதே மாதிரிக் கேள்வியோடு இந்த வருடம் என்னிடம் வந்த மூன்றாவது கடை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அவருக்குச் சென்னை, கோவை, பெங்களூரு என்று வெளியூர் வாடிக்கையாளர்கள் அதிகம். நெத்திலியும் வாளையும் கால் கிலோ பாக்கெட்டாகப் போகும். ஒரே முறை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எடுக்கிற கருவி ஃபிளட்டர். ஆப் செய்யலாம் என்று முடிவெடுத்தபோது அதைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "ஃபிளட்டர்ல செஞ்சா டூப்ளிகேட் மாதிரி இருக்கும், தனித்தனியா செஞ்சாத்தான் ஒரிஜினல்." அதை நம்பி ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியில் ஒருவர், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியில் இன்னொருவர் என்று இரண்டு பேரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்.

முதலில் கூரியர் கட்டணம் ஆர்டருக்கு எண்பது ரூபாய் என்று இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருமல்லவா, அப்போது விலையையெல்லாம் மாற்றியவர் கூரியரையும் கிலோவுக்கு அறுபது என்று மாற்றச் சொன்னார். கூரியர்காரர்கள் எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிலோவைத் தாண்டினால் அது இரண்டு கிலோ. ஆண்ட்ராய்டு செய்தவர் அந்த வாரமே மாற்றினார்:

```kotlin
val kg = (grams + 999) / 1000
```

ஐபோன் செய்தவர் ஒரு மாதம் கழித்து, வேறு வேலைக்குப் போகிற அவசரத்தில் மாற்றினார்:

```swift
let kg = grams / 1000
```

இரண்டு மொழியிலும் முழு எண்களை வகுத்தால் மீதி உதிர்ந்துவிடும். 1,750 கிராமுக்கு முதல் வரி 2 என்று சொல்லும், இரண்டாவது வரி 1 என்று சொல்லும். 750 கிராமுக்கு இரண்டாவது வரி சொல்வது பூஜ்யம். மூன்று பாக்கெட் வாங்கிய ஐபோன்காரர்களுக்கெல்லாம் கூரியர் இலவசமாகப் போயிருக்கிறது. நோட்டை வைத்து எண்ணிப் பார்த்தோம். ஒரு கிலோவுக்குக் குறைந்த ஆர்டர் மட்டும் 97, அதாவது 5,820 ரூபாய். கூரியருக்கு மாதம் ஒருமுறை மொத்தமாகப் பணம் கொடுப்பதால் ஐந்து மாதம் கண்ணில் படவே இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் உடனே சொல்வார்கள், கட்டணக் கணக்கைப் போனில் இல்லாமல், இணையத்தில் இருக்கும் பொதுக் கணினியான சர்வரில் அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று. உண்மைதான். யார் செய்தாலும், எதில் செய்தாலும், பணக் கணக்கு சர்வரில்தான் இருக்க வேண்டும். ஆனால் சின்னக் கடையின் ஆப்பில் சர்வரில் வைக்க முடியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. கூடையில் கால் கிலோ கால் கிலோவாகக் கூட்டுகிற பொத்தான், இருப்புத் தீர்ந்தால் வருகிற அறிவிப்பு, பின்கோடு சரிபார்ப்பு, ஆர்டர் ரத்து செய்கிற திரை. இவை ஒவ்வொன்றையும் இரண்டு பேர் இரண்டு மொழியில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டும், இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டும், இரண்டு போனிலும் சோதிக்க வேண்டும். ஆப் செய்கிற செலவை மட்டும் பார்க்கிறீர்கள். ஒரு கடையின் விலையும் விதியும் வருடத்துக்கு எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த "டூப்ளிகேட்" பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஃபிளட்டர் என்றால் வெப்சைட்டை ஒரு உறையில் போட்டுத் தருவது என்று நினைக்கிறார்கள். இல்லை. உறையில் போட்ட வெப்சைட் என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஆப் என்று விற்கிறார்கள். உள்ளே வெப்சைட்டைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டால் ஆப்பிள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஃபிளட்டர் வேறு வகை. கூகுள் உருவாக்கியது, முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. டார்ட் என்ற மொழியில் எழுதுகிறோம். வெளியிடும்போது அது போனின் பிராசஸர் நேரடியாக இயக்கும் மெஷின் கோடாக மாறுகிறது. பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் ஃபிளட்டரே திரையில் வரைகிறது. இடையில் பிரவுசர் கிடையாது. பொருள் பட்டியல், கூடை, முகவரி, பணம் என்று எட்டுத் திரை இருக்கிற கடை ஆப்பில் எது ஃபிளட்டர், எது கோட்லின் என்று உங்கள் வாடிக்கையாளர் கண்டுபிடிக்க மாட்டார்.

அப்படியானால் "நான் பார்த்தேன், மெதுவாக ஓடியது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை, அவர்கள் பார்த்தது உண்மை. பார்த்த கோப்பு தவறு. ஆப் செய்கிறவர் வேலை நடக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு ஒன்றை அனுப்புவார். அது பெரும்பாலும் சோதனைப் பதிப்பு. எழுதுகிறவர் வசதிக்காக நூறு சரிபார்ப்புகள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே மெஷின் கோடாக மாற்றப்படாதது, அளவும் பல மடங்கு பெரியது. விலை குறைந்த போனில் தடவித் தடவித்தான் நகரும். அடையாளம் சுலபம். திரையின் வலது மேல் மூலையில் குறுக்கே சிவப்புப் பட்டையில் `DEBUG` என்று இருக்கும். சிலர் அந்தப் பட்டையை மறைத்துவிட்டு அனுப்புவார்கள், அதனால் வாய்விட்டுக் கேளுங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கட்டளையில் எடுத்த ஏபிகேதான் வேண்டும்:

```
flutter build apk --release --split-per-abi
```

அதை உங்கள் கடைப் பையனின் பழைய போனில் போட்டுப் பாருங்கள். அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அதற்காக இரண்டு போனுக்கும் ஒரே புரோகிராம் கோடு என்றால் பாதி விலை என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். என் கணக்கில், இந்த எட்டுத் திரை ஆப்பை ஆண்ட்ராய்டுக்கு மட்டும் செய்ய ஐந்து வாரம் என்றால், தனித்தனியாக இரண்டுக்கும் பத்து வாரம், ஃபிளட்டரில் இரண்டுக்கும் சேர்த்து ஆறரை வாரம். அந்த ஒன்றரை வாரம் எங்கே போகிறது? ஐபோனுக்கு மேக் கணினி வேண்டும், சொந்தமாகவோ இணையத்தில் வாடகைக்கோ. அறிவிப்பு அனுப்ப ஆப்பிளிடம் தனிச் சாவி எடுக்க வேண்டும். யுபிஐ இருக்கிறதே, ஆண்ட்ராய்டில் `upi://pay` என்று அழைத்தால் போனில் இருக்கிற யுபிஐ ஆப்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். ஐபோனில் எந்தெந்த ஆப் இருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொன்றின் பெயரையும் `Info.plist` கோப்பில் முன்பே எழுதிவைக்க வேண்டும். ஃபிளட்டர் இதையெல்லாம் இல்லாமல் செய்துவிடாது. இந்த வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்கிறவர் பாதி வழியில் கூடுதல் பணம் கேட்பார்.

ஒவ்வொரு வகைப் போனுக்கும் அதற்கான மொழியில் தனியாகச் செய்வதை நேட்டிவ் என்பார்கள். அது எப்போது சரி? உங்கள் வாடிக்கையாளர்களில் ஐபோன் வைத்திருப்பவர் மிகக் குறைவு என்றால் ஆண்ட்ராய்டுக்கு மட்டும் கோட்லினில் செய்வதில் ஒரு தவறும் இல்லை. கடைசியாக வாங்கிய நூறு பேரிடம் என்ன போன் என்று கேட்டு எழுதுங்கள், பத்து நாளில் தெரிந்துவிடும். ஆப் மூடியிருக்கும்போதும் டெலிவரி வண்டியின் இடத்தை நாள் முழுக்கப் பின்தொடர வேண்டும் என்பது போன்ற வேலை இருந்தாலும் நேட்டிவை யோசிக்கலாம். கருவாட்டுக் கடைக்கு அது தேவைப்படாது.

மண்டபத்துக் கதை இத்தோடு முடியவில்லை. ஐபோன் ஆப்பைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தால், ஆப்பிள் கணக்கு அதைச் செய்தவர் பெயரில் இருக்கிறது. அவர் போனை எடுப்பதில்லை. ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஆப் ஸ்டோரிலிருந்து ஆப் இறங்கிவிடும். இவருடையதும் இறங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர் போன்களில் அது தொடர்ந்து ஓடும், பழைய கணக்கோடு. கடைக்காரரால் திருத்தவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அந்த மனிதர் என் எதிரில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். ஆப்பை வெளியிடுகிற கூகுள் பிளே கணக்கும் ஆப்பிள் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் திறக்கப்பட வேண்டும். செய்கிறவரை அதில் உறுப்பினராகச் சேர்த்தால் போதும். கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர்தான். தனிநபர் கணக்கைப் புதிதாகத் திறந்தால், வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். "தீபாவளிக்கு வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு வாரத்தைச் சேர்த்தாரா என்று கேளுங்கள். புரோகிராம் கோடு முழுவதும், அதைச் சேமித்துவைக்கிற கிட்ஹப் தளத்தில் உங்கள் பெயரில் உள்ள ஒரு கணக்கில் வாராவாரம் ஏற வேண்டும், கடைசித் தவணை அதைப் பார்த்த பிறகுதான். ஆப் திறக்கும்போதே "பழைய பதிப்பு, புதுப்பிக்கவும்" என்று சொல்லி நிறுத்துகிற வசதி முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கட்டும். இதைப் போடக் கால் நாள் வேலை. எத்தனை முறை சொன்னாலும் விட்டுவிடுகிறார்கள்.

வருடா வருடம் பராமரிப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். கூகுள் ஒவ்வொரு வருடமும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்பை மாற்றச் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்களும் திருத்தங்களும் ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ குறிவைத்தே வர வேண்டும் என்று விதித்தது. ஃபிளட்டராக இருந்தாலும் இந்த வேலை உண்டு.

மண்டபத்துக்காரருக்கு இப்போது ஃபிளட்டரில் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். கூரியர் கணக்கு சர்வரில், கணக்குகள் அவர் பெயரில். ஆர்டர்கள் வந்து சேர்கிற டேட்டாபேஸின் கணக்கு நல்லவேளையாக அவர் மின்னஞ்சலில் இருந்ததால், கூரியர் தொகை தவறாக வரும் ஆர்டரை அங்கேயே ஏற்காமல் தடுத்துவிட்டோம். ஆனால் பழைய ஐபோன் ஆப் அதற்கான காரணத்தைச் சொல்லாது, வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் வெளியூர் பார்சல் ஒவ்வொன்றிலும், "ஐபோனில் எங்கள் பழைய ஆப்பை நீக்கிவிடுங்கள், புதியது வரும்வரை வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள்" என்று ஒரு சீட்டு அச்சடித்து, கருவாட்டு வாடை ஏறாமல் பாலித்தீன் உறையில் போட்டு வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.