சொல் மாறியும் எலும்புக்கூடு மாறவில்லை

இதழியல் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது சில சொற்களைப் பார்த்ததும் என் பேனா நின்றுவிடும். ‘கேட்டனர்’ என்பதே போதுமான இடத்தில் ‘வினவினர்’ என்று இருக்கும். ‘முக்கிய’ என்பது ‘பிரதான’ ஆகியிருக்கும். இருபது வயதுப் பிள்ளைகள் யாரும் தாமாக எதையும் வினவுவதில்லை. வேறொரு சொல்லின் மேல் அவசரமாகப் பூசிய சுண்ணாம்பு அது. சற்றுச் சுரண்டினால் மூல நூலின் வரி தெரிந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு கோட்பாட்டை வைத்துப் பார்க்கலாம். ஊடகவியல் படிக்கிற எல்லாரும் முதல் ஆண்டிலேயே சந்திக்கிற ‘நிகழ்ச்சி நிரல் அமைத்தல்’ கோட்பாடு அது. மெக்கோம்ப்ஸ், ஷா என்ற அமெரிக்க ஊடக ஆய்வாளர்கள் முன்வைத்தது. கீழே உள்ள மூலப் பத்தி எந்த நூலிலிருந்தும் எடுத்ததன்று. பாடநூல் நடையில், இந்தக் கட்டுரைக்காக நானே எழுதியது.

மூலம்: “1968ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, மெக்கோம்ப்ஸும் ஷாவும் சேப்பல் ஹில்லில் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டனர். வாக்காளர்கள் கூறிய வரிசையும், ஊடகங்கள் அப்பிரச்சினைகளுக்கு அளித்த முக்கியத்துவத்தின் வரிசையும் பெருமளவு ஒத்திருந்தன. இதன் அடிப்படையில், எந்தப் பிரச்சினை முக்கியமானது என்பதை மக்கள் ஊடகங்களிலிருந்து அறிந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் வாதிட்டனர்.”

இதை ‘சொந்த நடையில்’ எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்.

முதல் முயற்சி: “1968இல் நடந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் சமயத்தில், மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் சேப்பல் ஹில்லில் யாருக்கு ஓட்டளிப்பது எனத் தீர்மானிக்காத 100 பேரிடம் பிரதானச் சிக்கல்கள் யாவை என வினவினர். அவர்கள் சொன்ன வரிசையும், ஊடகங்கள் அச்சிக்கல்களுக்கு வழங்கிய முக்கியத்துவத்தின் வரிசையும் பெரிதும் பொருந்தின.”

சொற்கள் பல மாறிவிட்டன. ஆனால் மூலத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஆண்டு, தேர்தல், ஆய்வாளர்கள், ஊர், 100 பேர், கேள்வி. பிறகு அந்த வரிசை, இந்த வரிசை, பொருத்தம். எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சதை மட்டும் மாறியிருக்கிறது. தொடர்ச்சியாக ஐந்தாறு சொற்கள் ஒத்திருக்கின்றனவா என்று தேடுகிற எளிய மென்பொருள் இதைத் தவறவிடலாம். மூலத்தைப் படித்த ஆசிரியர் தவறவிட மாட்டார்.

எழுத்துப் பயிற்சியை ஆராய்ந்த ரெபேக்கா மூர் ஹோவர்ட் 1990களில் இத்தகைய எழுத்துக்கு ‘ஒட்டுப்போட்ட எழுத்து’ என்று பொருள்படும் பெயர் ஒன்றைச் சூட்டினார். இது எப்போதும் திருட்டு எண்ணத்தில் வருவதில்லை, புரியாத துறைக்குள் புதிதாக நுழைபவர் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளும் வழியாகவும் இருக்கிறது என்பது அவருடைய கருத்து. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. புரிந்தவனுக்கு வினவ வேண்டிய தேவை வருவதில்லை.

அப்படியானால் எலும்புக்கூட்டை எப்படிக் கழற்றுவது? அதற்கான கருவி நம் மறதியிலேயே இருக்கிறது. ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மக்கள் ஒரு பத்தியைக் கேட்டார்கள். பத்தியில் வந்த ஒரு வாக்கியம், சற்று நேரம் கழித்து மீண்டும் சொல்லப்பட்டது. சிலருக்கு அதே வாக்கியம், சிலருக்குச் சொல்லமைப்பு மட்டும் மாறிய வாக்கியம், சிலருக்குப் பொருளே மாறிய வாக்கியம். கேட்ட உடனே சோதித்தபோது எல்லா மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். இடையில் சுமார் 80 அசைகள், அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவான பேச்சு கடந்ததும், சொல்லமைப்பு மாறியதை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருள் மாறியதை மட்டும் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். மூளை வடிவத்தை வெகு சீக்கிரம் கைவிடுகிறது, கருத்தை வைத்துக்கொள்கிறது.

மூலப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் இந்த இயல்பான வடிகட்டல் நடக்க வழியில்லை. கண் ஒவ்வொரு நொடியும் வடிவத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே பத்தியைப் படித்து, மூடிவைத்து, ஐந்து நிமிடம் வேறு எதையாவது செய்துவிட்டு, ‘இவர்கள் சொல்வது என்ன? அதற்குச் சான்று என்ன?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுத வேண்டும். அப்படி எழுதினால் வருவது வேறு மாதிரி இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: “எந்தச் சிக்கல் பெரியது என்ற கணிப்பை மக்கள் செய்திகளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மெக்கோம்ப்ஸ், ஷா ஆகியோரின் (1972) வாதம். அவர்கள் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டார்கள். 1968 அதிபர் தேர்தலில் இன்னும் எந்தப் பக்கமும் சாயாத சேப்பல் ஹில் வாக்காளர்கள் 100 பேர் எதை எதைப் பெரிய சிக்கல் என்றார்கள் என்பது ஒன்று. ஊடகங்கள் எதை எதைப் பெரிதுபடுத்தின என்பது மற்றொன்று. இரண்டும் ஏறத்தாழ ஒரே பட்டியலாக இருந்தன.”

இங்கே முடிவு முதலில் வந்துவிட்டது. மூலத்தில் கடைசியாக இருந்த வாதம் தலைவாசலுக்கு வந்திருக்கிறது, ஆய்வு அதற்குச் சான்றாக நிற்கிறது. ‘பட்டியல்’ என்ற சொல் மூலத்திலேயே இல்லை. எழுதியவர் விஷயத்தைத் தனக்குப் புரியவைத்துக்கொண்ட விதத்தில் வந்த சொல் அது. பெயர், ஊர், எண்ணிக்கை ஆகியவை மாறவில்லை, மாறவும் கூடாது. ‘சேப்பல் ஹில்’லுக்கு வேறு சொல் தேடுவது வீண். கோட்பாட்டின் பெயருக்கும் அதே விதிதான். ‘நிகழ்ச்சி நிரல்’ என்பதை ‘செயல்பட்டியல்’ என்று மாற்றினால் திருட்டு குறைவதில்லை, குழப்பம்தான் கூடும். அடைப்புக்குறிக்குள் ஆய்வு வெளியான ஆண்டு இருப்பதையும் கவனியுங்கள். நடை உங்களுடையதாகிவிட்டாலும் கருத்து அவர்களுடையதுதான். பெயர் சொல்லாமல் விட்டால் இரண்டாம் முயற்சியும் திருட்டே.

மூடிவைத்து எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. நினைவு சொல்லை உதிர்க்கும்போது கருத்தின் ஓரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. இந்தக் கோட்பாட்டில் அது எங்கே தேயும் என்று எனக்கு மனப்பாடம். “ஊடகங்கள் மக்களின் கருத்தை மாற்றுகின்றன என்று மெக்கோம்ப்ஸும் ஷாவும் நிரூபித்தனர்” என்று வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள். அவர்கள் பேசியது கருத்தைப் பற்றியதன்று, கவனத்தைப் பற்றியது. வரி உயர்வு பெரிய விஷயம் என்று நினைக்கவைப்பது வேறு, அதை எதிர்க்கவைப்பது வேறு. அடுத்தது, ‘நிரூபித்தனர்’. இரண்டு பட்டியல்கள் ஒத்துப்போவதால், ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. மக்கள் கவலைப்படுவதையே ஊடகங்கள் எழுதியிருக்கலாம். ஒற்றுமை மட்டும் நிரூபணம் ஆகாது என்று அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே எழுதி முடித்த பிறகு ஒருமுறை மூலத்தைத் திறந்து வினைச்சொற்களை மட்டும் ஒப்பிட வேண்டும். மூலத்தில் ‘வாதிட்டனர்’ என்றால் உங்களிடமும் அந்த எடையிலேயே இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. மொழியே மாறிவிட்டதே, இனி இது என் நடைதானே என்று தோன்றும். வரிக்கு வரி பெயர்த்தது மொழிபெயர்ப்பு, சொந்த எழுத்து அன்று. அதைக் கண்டுபிடிக்கவும் எளிது. பத்தியை யாரிடமாவது கொடுத்து மீண்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். மூலத்தின் வாக்கியங்கள் அதே வரிசையில் திரும்பி வந்தால், நீங்கள் புத்தகத்தை இன்னும் மூடவில்லை.

சில வரிகளைச் சொந்த நடைக்கு மாற்றாமல் அப்படியே விடுவதே மேல். மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகைகள் பெரும்பாலும் வெற்றி பெறாமல் போகலாம், ஆனால் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் அசாத்திய வெற்றி பெறுகின்றன என்ற கருத்து, இந்தக் கோட்பாட்டைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வரும். அதன் கூர்மை ‘என்ன’, ‘எதைப் பற்றி’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கிறது. அதை இளக்கினால் ஒன்றும் மிஞ்சாது. மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துவிடலாம். வைக்கும்போது பெயரைச் சரியாகப் போடுங்கள். அதைச் சொன்னவர் மெக்கோம்ப்ஸும் அல்ல, ஷாவும் அல்ல, 1963இல் பெர்னார்ட் கோஹன் என்ற அரசியல் அறிவியலாளர்.